ஒரு டி-ஷர்ட்டை வைத்து டெக் பேக்கையும் மெஷர்மென்ட் ஷீட்டையும் படிப்பது எப்படி?

கேள்வி: ஃபேஷன் டெக்னாலஜி மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். திருப்பூரில் ஒரு ஏற்றுமதி நிறுவனத்தில் மெர்ச்சன்டைசிங் பிரிவில் இன்டர்ன்ஷிப் சேர்ந்திருக்கிறேன். டெக் பேக் என்று 14 பக்க பிடிஎஃப் ஒன்றைக் கொடுத்து, "இதைப் பார்த்து சாம்பிளை அளந்து கமென்ட் எழுதிக் கொடு" என்கிறார்கள். எங்கிருந்து ஆரம்பிப்பது? அளவு கூடக்குறைய வந்தால் என்ன எழுதுவது?

பதில்:

டெக் பேக் என்பது ஒரு உடையை எப்படித் தயாரிக்க வேண்டும் என்று பையர் அனுப்பும் விவரத் தொகுப்பு. அதை முதல் பக்கத்தில் தொடங்கி 14-ஆம் பக்கம் வரை வரிசையாகப் படிக்காதீர்கள். முதலில் மேல் ஓரத்தில் இருக்கும் ஸ்டைல் நம்பரையும், எத்தனையாவது திருத்தம், என்ன தேதி என்பதையும் பாருங்கள். பையர் ஒரே ஸ்டைலுக்கு மூன்று நான்கு தடவை டெக் பேக்கைத் திருத்தி அனுப்புவார். சாம்பிள் செக்ஷனில் பழைய பிரிண்ட் அவுட் ஒட்டியிருக்கும், மெர்ச்சன்டைசர் மெயிலில் புதியது இருக்கும். பழைய ஷீட்டை வைத்து எவ்வளவு கவனமாக அளந்தாலும் அந்த வேலை வீண்தான். அளக்கும் முன் மெர்ச்சன்டைசரிடம் "கடைசித் திருத்தம் இதுதானே?" என்று ஒரு தடவை கேட்டுக்கொள்ளுங்கள்.

அடுத்து படம். முன்பக்கம், பின்பக்கம் இரண்டையும் கையில் இருக்கும் சாம்பிளோடு வைத்துப் பாருங்கள். படத்தைச் சுற்றி அம்புக்குறி போட்டு எழுதியிருப்பது தையல் விவரம். கீழ் மடிப்பு எத்தனை செ.மீ., இரட்டை ஊசித் தையலா, தோள்பட்டையில் டேப் உண்டா, ஒரு இன்ச்சுக்கு எத்தனை தையல் என்பதெல்லாம் அங்கே இருக்கும். இதைத் தையல் தளத்தின் பேச்சில் புரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது. ஷீட்டில் 514 என்று இருந்தால் அது நான்கு நூல் ஓவர்லாக்; பக்கத் தையலும் தோளும் அதில்தான் ஓடும். 406 என்றால் கீழ் மடிப்புக்கும் கை மடிப்புக்கும் போடுகிற இரட்டை ஊசித் தையல், நம் ஊரில் பேட்லாக் என்று சொல்வது. 301 என்றால் சிங்கர் மெஷினில் ஓடும் சாதாரணத் தையல். அதன் பிறகு வருவது துணி, நூல், லேபிள், பாலிபேக் என்று மூலப்பொருள் பட்டியல். பிரிண்ட் இருந்தால் அது எங்கே உட்கார வேண்டும் என்பதற்குத் தனிப் பக்கம் இருக்கும். இவற்றை ஒருமுறை மேலோட்டமாகப் பார்த்துவிட்டு மெஷர்மென்ட் ஷீட்டுக்கு வந்துவிடலாம். நீங்கள் சிக்கிக்கொள்ளப் போவது அங்கேதான்.

ஆண்களுக்கான வட்டக் கழுத்து டி-ஷர்ட் ஒன்றை எடுத்துக்கொள்வோம். சதுர மீட்டருக்கு 160 கிராம், அதாவது 160 ஜி.எஸ்.எம். எடையுள்ள காட்டன் சிங்கிள் ஜெர்சி, கழுத்துக்கு லைக்ரா கலந்த 1க்கு 1 ரிப், அளவு எம். திருப்பூரில் எந்த கம்பெனிக்குப் போனாலும் இப்படி ஒன்று ஓடிக்கொண்டிருக்கும்.

எங்கிருந்து எங்கே?

ஷீட்டின் ஒவ்வொரு வரியும் ஓர் அளவிடும் புள்ளி. எண்ணைப் பார்ப்பதற்கு முன் அந்த வரியின் விளக்கத்தைப் படியுங்கள். அளவு தவறு என்று எழுதப்படும் கமென்ட்களில் கணிசமானவை உண்மையில் அளந்த விதத்தின் தவறுதான்.

உடல் நீளம் பெரும்பாலும் எச்.பி.எஸ். என்ற புள்ளியிலிருந்து தொடங்கும். தோளின் உச்சி, அதாவது டி-ஷர்ட்டை இயல்பாக விரித்துப் போடும்போது கழுத்துத் தையலை ஒட்டித் தோள் மடியும் மிக உயரமான இடம். இது தோள் தையல் இருக்கும் இடமாக இருக்க வேண்டும் என்பதில்லை. பல டி-ஷர்ட்டுகளில் தோள் தையலை ஒரு செ.மீ. முன்பக்கம் தள்ளி வைப்பார்கள். அந்த மாதிரித் துண்டில் தையலிலிருந்து டேப்பை வைத்தால் நீளம் ஒரு செ.மீ. குறைவாக வரும், கூடக்குறைய வர அனுமதித்த அளவான டாலரன்ஸ் முழுக்க அதிலேயே போய்விடும்.

மார்பளவு அக்குளுக்கு 2 செ.மீ. கீழே, ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம் வரை. இது பாதி அளவு. ஷீட்டில் 52 என்று இருந்தால் சுற்றளவு 104. சில பையர்கள் சுற்றளவையே எழுதுவார்கள், அப்போது 104 என்று இருக்கும். சில ஷீட்டுகளில் 2 செ.மீ.க்குப் பதில் 1 இன்ச் கீழே என்று இருக்கும், சிலர் அக்குள் தையல் கூடும் புள்ளியிலேயே அளக்கச் சொல்வார்கள். படத்தில் அம்புக்குறி எங்கே தொடுகிறது என்பதைப் பார்த்துவிட்டு அளக்க வேண்டும்.

கழுத்து அகலத்தில் இன்னும் கவனம் வேண்டும். தையலிலிருந்து தையல் வரையா, ரிப்பின் உள் ஓரத்திலிருந்து ஓரம் வரையா? 2 செ.மீ. ரிப் போட்ட கழுத்தில் இந்த இரண்டுக்கும் இடையே ஏறக்குறைய 4 செ.மீ. வித்தியாசம் வரும். தையல் முதல் தையல் 18 என்றால் ஓரம் முதல் ஓரம் 14 பக்கம்தான் இருக்கும். முன்கழுத்து இறக்கமும் அப்படித்தான். இரண்டு தோள் உச்சிகளையும் இணைத்து ஒரு நேர்கோடு இருப்பதாக நினைத்துக்கொண்டு, அங்கிருந்து முன்கழுத்தின் நடுவில் தையல் வரைக்குமா, ரிப் ஓரம் வரைக்குமா என்று பார்க்க வேண்டும்.

அப்புறம், அளக்கும் மேசை. அயனிங் டேபிளிலிருந்து சூடாக எடுத்து வந்த துண்டை உடனே அளக்காதீர்கள். நீராவியில் தளர்ந்து, அயன் மாஸ்டரின் கை இழுப்பில் சிங்கிள் ஜெர்சி ஒரு செ.மீ. கூட நீண்டிருக்கும். தட்டையாகப் போட்டு, சூடு ஆறி, துணி தானாக அடங்கும் வரை விட்டுவிடுங்கள். சில மணி நேரம் கிடைத்தால் நல்லது. பிறகு சுருக்கத்தை உள்ளங்கையால் தடவி எடுக்கலாம், இழுக்கக் கூடாது. உங்கள் இன்ச் டேப்பை ஸ்டீல் ஸ்கேலோடு வைத்து ஒருமுறை ஒத்துப் பாருங்கள். நாள்பட்ட டேப் நீண்டுவிடும், முனையில் உள்ள தகடும் ஆடும். மெர்ச்சன்டைசர் ஒரு டேப்பிலும் கியூ.சி. வேறு டேப்பிலும் அளந்துவிட்டு அரை செ.மீ.க்கு வாதாடுவது எல்லாத் தளத்திலும் நடக்கிறது.

துவைக்கும் முன், துவைத்த பின்

ஷீட்டின் எண்கள் துவைப்பதற்கு முன் வர வேண்டியவையா, துவைத்த பிறகு வர வேண்டியவையா என்பது இந்தத் தாளிலேயே பெரிய கேள்வி. எங்காவது ஒரு மூலையில் சின்னதாக எழுதியிருக்கும். எழுதவில்லை என்றால் கேட்டே ஆக வேண்டும். நம் உதாரணத்தில் துவைத்த பின் என்றே வைத்துக்கொள்வோம்.

காட்டன் சிங்கிள் ஜெர்சி துவைத்தால் சுருங்கும். அதனால் பேட்டர்ன் மாஸ்டர் சுருக்கத்துக்கு இடம் விட்டுத்தான் பேட்டர்ன் போடுவார். துணியில் 50 செ.மீ. சதுரம் ஒன்றைக் குறித்து, கேர் லேபிளில் சொன்னபடி துவைத்து உலர்த்தி, மறுபடி அளந்தால் சுருக்கம் தெரியும். நீளவாக்கில் 50 செ.மீ. 47.5 ஆகியிருந்தால் 5 சதவீதம். அகலவாக்கில் 48.5 என்றால் 3 சதவீதம். உலர்த்தும் முறையையும் லேபிளிலிருந்தே எடுக்க வேண்டும். கொடியில் காய்ந்த துணியும் ட்ரையரில் உருண்ட துணியும் ஒரே அளவு சுருங்காது.

இப்போது 72 செ.மீ. நீளம் துவைத்த பின் வர வேண்டும், சுருக்கம் 5 சதவீதம். நிறையப் பேர் 72-ஓடு அதன் 5 சதவீதத்தைக் கூட்டி 75.6 என்று போடுவார்கள். சரியான கணக்கு வகுத்தல்:

```
72 ÷ 0.95 = 75.8
52 ÷ 0.97 = 53.6
18 ÷ 0.97 = 18.6
```

காரணம் எளிது. சுருக்கம் பெரிய அளவிலிருந்து கழிகிறது, சின்ன அளவிலிருந்து அல்ல. 5 சதவீதத்தில் வித்தியாசம் 2 மி.மீ. மட்டும் என்பதால் யாரும் கவனிப்பதில்லை. சுருக்கம் 10 சதவீதம் போகும் துணியில் வகுத்தால் 80, கூட்டினால் 79.2. அந்த 8 மி.மீ. டாலரன்ஸில் பெரும்பகுதியைத் தின்றுவிடும். மேலே வந்த எண்கள் தைத்து முடித்த, துவைக்காத துண்டில் வர வேண்டியவை. தையலுக்கும் மடிப்புக்கும் விடும் துணி இதற்கு மேல் தனி.

ஒரு சாம்பிளை அளந்து பார்ப்போம்

ஷீட்டில் இருப்பது வர வேண்டிய அளவான ஸ்பெக்கும் டாலரன்ஸும். நான் இன்டர்ன்களிடம் எப்போதும் இன்னொரு பத்தியைப் பென்சிலால் போடச் சொல்வேன்: துவைக்கும் முன் வந்த அளவு. பையர் அதைக் கேட்க மாட்டார். ஆனால் அளவு தவறியதற்கு யார் காரணம் என்பது அந்தப் பத்தியில்தான் தெரியும். எல்லா எண்களும் செ.மீ.யில்.

| அளவிடும் இடம் | ஸ்பெக் | டாலரன்ஸ் | துவைக்கும் முன் | துவைத்த பின் |
|---|---|---|---|---|
| உடல் நீளம், தோள் உச்சியிலிருந்து | 72 | ± 1 | 75.8 | 72.5 |
| மார்பு, பாதி | 52 | ± 1 | 53.5 | 51.2 |
| கீழ் ஓரம், பாதி | 52 | ± 1 | 53.2 | 50.6 |
| கழுத்து அகலம், தையல் முதல் தையல் | 18 | ± 0.5 | 19.6 | 19.2 |

டாலரன்ஸை மட்டும் பார்த்தால் கீழ் ஓரமும் கழுத்தும் ஃபெயில், மற்றவை பாஸ். "கீழ் ஓரம் 1.4 குறைவு, கழுத்து 1.2 கூடுதல், சரி செய்யவும்" என்று எழுதி அனுப்பிவிடலாம். அப்படி எழுதினால் பேட்டர்ன் மாஸ்டர் கீழ் ஓரத்தை ஒன்றரை செ.மீ. அகலப்படுத்திவிட்டு, கழுத்தை ஒன்றேகால் செ.மீ. குறைத்துவிடுவார். இரண்டுமே தவறான வைத்தியம். ஏன் என்று பார்க்கலாம்.

முதலில் உடம்பு. மார்பு துவைக்கும் முன் 53.6 வர வேண்டும், 53.5 வந்திருக்கிறது. நீளம் 75.8 வர வேண்டும், அப்படியே வந்திருக்கிறது. ஆக, பேட்டர்னில் தவறு இல்லை, வெட்டியதிலும் தைத்ததிலும் இல்லை. கீழ் ஓரம் மட்டும் 0.4 குறைவு, பேட்லாக்கில் மடித்தடிக்கும்போது அந்த அளவு உள்ளே இழுப்பது சகஜம். தண்ணீருக்குள் போன பிறகுதான் கதை மாறியிருக்கிறது. மார்பு 53.5-லிருந்து 51.2-க்கு இறங்கியது 4.3 சதவீதம். கீழ் ஓரம் ஏறக்குறைய 5 சதவீதம். அகலவாக்கில் நாம் எதிர்பார்த்தது 3. அதே சமயம் நீளம் 75.8-லிருந்து 72.5, அதாவது 4.4 சதவீதம்தான், எதிர்பார்த்தது 5. அகலம் கூடுதலாகச் சுருங்கி, நீளம் குறைவாகச் சுருங்கியிருக்கிறது.

இப்படி வந்தால் துணியை ஃபினிஷிங்கில் அகலவாக்கில் இழுத்துப் பிடித்திருக்கிறார்கள் என்று முதலில் சந்தேகப்பட வேண்டும். சுருக்கத்தைக் கட்டுப்படுத்தும் காம்பாக்டிங்கிலோ, அகலத்தை நிலைப்படுத்தும் ஸ்டென்டரிலோ துணி இயல்பாக நிற்கும் அகலத்தைவிட, அதாவது டயாவைவிடக் கொஞ்சம் அகலமாக செட் செய்தால், வெட்டும்போது மார்க்கரில் துணி மிச்சமாகும். அதற்காகவே இது நடப்பதுண்டு. இழுத்துப் பிடித்த பின்னல் வளையத்தைத் துவைத்தவுடன் அது தன் இடத்துக்குத் திரும்பிவிடுகிறது.

சந்தேகத்தை உறுதி செய்ய வழி இருக்கிறது. துவைக்காத துணியில் வட்ட கட்டரால் ஒரு துண்டு வெட்டி எடை போடுங்கள். அந்தக் கட்டர் வெட்டுவது 100 சதுர செ.மீ.; கிராமில் வரும் எடையை நூறால் பெருக்கினால் ஜி.எஸ்.எம். 1.60 கிராம் வர வேண்டிய இடத்தில் 1.52 வந்தால் 152 ஜி.எஸ்.எம். ஐந்து சதவீத டாலரன்ஸில் அடி எல்லை அதுதான், ரிப்போர்ட்டில் பாஸ் என்றுதான் இருக்கும். ஆனால் அகலச் சுருக்கம் கூடியதும், ஜி.எஸ்.எம். குறைந்ததும் சேர்ந்தே வந்தால் துணியை இழுத்திருக்கிறார்கள் என்று தைரியமாகச் சொல்லலாம். ரோலின் ஓரத்தில் வெட்டாமல், நடுவிலும் இரு பக்கங்களிலுமாக மூன்று நான்கு இடத்தில் எடுத்துச் சராசரி பாருங்கள்.

இதற்கு மருந்து பேட்டர்னில் இல்லை, துணியில் இருக்கிறது. சரியான டயாவில் மறுபடி காம்பாக்டிங் போட்டு, சுருக்கத்தை 3-க்குள் கொண்டுவர வேண்டும். பேட்டர்னைப் பெரிதாக்கி இந்தத் துணிக்குப் பொருத்தினால், மொத்த ஆர்டருக்கான துணி சரியான டயாவில் வரும்போது எல்லா டி-ஷர்ட்டும் பெரிதாகிவிடும். மொத்தத் துணியே 4.5 சதவீதத்தில்தான் நிற்கும், அதற்குமேல் குறைக்க முடியாது என்று ஃபினிஷிங் தரப்பு எழுதிக் கொடுத்தால் மட்டுமே பேட்டர்னைத் தொட வேண்டும். கலருக்குக் கலரும் பார்க்க வேண்டும். அடர் நிறங்கள் சாயத் தொட்டியில் கூடுதல் நேரம் ஓடுவதால், வெள்ளையில் எடுத்த சுருக்கம் கருப்புக்குப் பொருந்தும் என்று நம்ப முடியாது.

மார்பு 51.2 பாஸ்தானே என்று விட்டுவிடாதீர்கள். டாலரன்ஸ் என்பது தைக்கும் கையின் ஏற்ற இறக்கத்துக்குக் கொடுத்த இடம். ஐந்து துண்டுகளை அளந்து 52.3, 51.6, 52.5, 51.8, 52.1 என்று இரு பக்கமும் சிதறி வந்தால் அது ஆரோக்கியமானது. ஐந்துமே 51.1-க்கும் 51.3-க்கும் நடுவில் வந்தால், ஒவ்வொன்றும் பாஸ் என்றாலும் நடுப்புள்ளியே நகர்ந்துவிட்டது என்று அர்த்தம். தையல் தளத்தில் ஆயிரக்கணக்கில் ஓடும்போது வரும் இயல்பான சிதறலில் கணிசமான துண்டுகள் எல்லை தாண்டிவிடும். ஒரே ஒரு துண்டை அளந்து தீர்ப்பு எழுதக் கூடாது என்பதற்கும் இதுவே காரணம். குறைந்தது மூன்று துண்டு வேண்டும்.

கழுத்து ஏன் அகன்றது?

கழுத்தின் கதை வேறு. துவைக்கும் முன் 18.6 வர வேண்டிய இடத்தில் 19.6 வந்திருக்கிறது. தண்ணீரைத் தொடும் முன்பே ஒரு செ.மீ. கூடுதல். துவைத்த பின் அது 2 சதவீதம்தான் சுருங்கியிருக்கிறது. எனவே துணியைக் குறை சொல்ல முடியாது. பேட்டர்ன், வெட்டு, தையல் இந்த மூன்றில் ஒன்று.

தைக்காத கட் பேனல் ஒன்றை வாங்கிப் பேட்டர்ன் அட்டையின் மேல் வையுங்கள். கழுத்து வளைவு அட்டையோடு பொருந்தினால் வெட்டு சரி. அட்டையில் கழுத்து அகலத்தை அளந்து, தையலுக்குப் போகும் துணியையும் கணக்கில் எடுத்தால் 18.6 வருகிறதா என்று பாருங்கள். அதுவும் சரி என்றால் பிரச்சினை தையலில், குறிப்பாக ரிப்பில் இருக்கிறது.

கழுத்து ரிப்பைக் கழுத்தின் சுற்றளவைவிடக் குட்டையாக வெட்டி, இழுத்துக்கொண்டே ஓவர்லாக்கில் சேர்ப்பார்கள். அப்போதுதான் ரிப் உள்பக்கமாக அடங்கிக் கழுத்தோடு படுக்கும். 18 அகலம், 10 முன் இறக்கம், 2 பின் இறக்கம் உள்ள கழுத்தின் தையல் கோடு சுற்றளவில் ஏறக்குறைய 48 செ.மீ. வரும். லைக்ரா கலந்த ரிப்புக்கு அதில் 85 சதவீதம் என்று தொடங்கினால் 41 செ.மீ., இணைப்புத் தையலுக்கு விடுவது தனி. இந்த 85 என்பது தொடக்கப் புள்ளிதான்; லைக்ரா இல்லாத ரிப்புக்கும், ரிப்பின் உயரம் கூடினாலும் மாறும். சாம்பிளின் ரிப்பைப் பிரித்து அளந்தால் 44 வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ரிப்பே நீளம், கழுத்தைப் பிடித்து வைக்கும் இழுப்பு அதில் இல்லை. டெய்லரும் ரிப்பை இழுப்பதற்குப் பதில் உடல் துணியை இழுத்துச் சேர்த்திருப்பார். கழுத்து விரிந்துவிட்டது.

துண்டைப் பார்த்தாலே இது தெரியும். ரிப் நீளமாக இருந்தால் அதன் மேல் ஓரம் அலை அலையாக நிற்கும், கழுத்தோடு படுக்காது. ரிப் குட்டையாக இருந்தால் தையலுக்குக் கீழே உடல் துணியில் கதிர் கதிராகச் சுருக்கம் விழும். எங்கே சுருக்கம் என்பதைப் பார்த்தே எந்தப் பக்கம் தவறு என்று சொல்லிவிடலாம்.

ரிப்பை 41 ஆக்கச் சொல்வதோடு வேலை முடியவில்லை. பெரும்பாலான ஷீட்டுகளில் மினிமம் நெக் ஸ்ட்ரெச் என்று ஒரு வரி இருக்கும். கழுத்தை முழுதாக இழுத்தால் குறைந்தது இவ்வளவு விரிய வேண்டும், தலை நுழைய வேண்டுமே. பாதி அளவில் 30 என்று இருந்தால் சுற்றளவு 60. 41 செ.மீ. ரிப் 60 வரை விரிய வேண்டும், நூல் அறக் கூடாது. ரிப் தாங்கினாலும் ஓவர்லாக்கில் நூல் இறுக்கம் கூடுதலாக இருந்தால் இழுக்கும்போது டப்பென்று அறும். எனவே கழுத்தைச் சுருக்கச் சொல்லும் எந்த கமென்ட்டிலும் இந்த அளவை மறுபடி பார்க்கச் சொல்லி ஒரு வாக்கியம் இருக்க வேண்டும். குழந்தைகள் உடையில் இது இன்னும் கறாராகப் பார்க்கப்படும், ஏனென்றால் குழந்தையின் தலை உடம்போடு ஒப்பிடும்போது பெரிது.

கழுத்து மாறினால் வேறு எது மாறும் என்றும் பாருங்கள். மார்பில் பிரிண்ட் இருந்து, அதன் இடம் கழுத்துத் தையலுக்கு 8 செ.மீ. கீழே என்று கொடுத்திருந்தால், கழுத்து இறங்கிய அளவுக்குப் பிரிண்ட்டும் வயிற்றை நோக்கி இறங்கித் தெரியும்.

கமென்ட் எழுதுவது

கமென்ட்டில் இடம், ஸ்பெக், வந்தது, வித்தியாசம், காரணம், என்ன செய்ய வேண்டும் என்ற ஆறும் இருந்தால் மறுபடி யாரும் உங்களைத் தேடி வர மாட்டார்கள். நம் சாம்பிளுக்கு நான் இப்படி எழுதுவேன்:

"கழுத்து அகலம், தையல் முதல் தையல்: ஸ்பெக் 18, துவைத்த பின் 19.2, கூடுதல் 1.2. துவைக்கும் முன்பே 19.6. கட் பேனல் பேட்டர்னோடு பொருந்துகிறது. ரிப் வெட்டு நீளம் 44 உள்ளது. 41 ஆகக் குறைத்து, ரிப்பைச் சுற்றிலும் சமமாக இழுத்துத் தைக்கவும். நெக் ஸ்ட்ரெச் 60 வருவதை உறுதி செய்யவும். பேட்டர்னை மாற்ற வேண்டாம்."

"கீழ் ஓரம்: ஸ்பெக் 52, துவைத்த பின் 50.6, குறைவு 1.4. மார்பும் 0.8 குறைவு. அகலச் சுருக்கம் 3-க்குப் பதில் 4 முதல் 5 சதவீதம், ஜி.எஸ்.எம். 152. துணியை மறுபடி காம்பாக்டிங் செய்து சுருக்கம் பார்த்த பின் அடுத்த சாம்பிள் தைக்கவும். பேட்டர்னை மாற்ற வேண்டாம்."

"பேட்டர்னை மாற்ற வேண்டாம்" என்ற கடைசி வாக்கியம் இரண்டிலும் வேண்டுமென்றே இருக்கிறது. சொல்லாவிட்டால் மாற்றிவிடுவார்கள். இன்டர்ன் என்பதால் இப்படி உறுதியாக எழுதத் தயக்கமாக இருந்தால், பேட்டர்ன் மாஸ்டரிடம் எண்களோடு போய், "அண்ணா, துவைக்கும் முன் சரியாக இருக்கிறது, துவைத்த பின்தான் போகிறது, துணியாக இருக்குமா?" என்று கேளுங்கள். எண்ணோடு வருகிறவரை அவர்கள் உட்கார வைத்துச் சொல்லித் தருவார்கள்.

டெக் பேக்கிலேயே முரண் இருந்தால், உதாரணமாகப் படத்தில் கீழ் மடிப்பு 2.5 செ.மீ., ஷீட்டில் 2 செ.மீ. என்றால், எது நியாயம் என்று நீங்களோ மாஸ்டரோ முடிவு செய்யக் கூடாது. அந்த இரண்டு பக்கங்களையும் வட்டமிட்டு மெர்ச்சன்டைசர் மூலம் பையரிடம் கேட்டு, பதிலை மெயிலில் வாங்கி வையுங்கள்.

மற்ற அளவுகள்

எம் சரியானதும் எல்லா அளவிலும் ஒவ்வொன்று தைத்து சைஸ் செட் அனுப்பச் சொல்வார்கள். அதற்கு முன், அளவுக்கு அளவு எண்கள் எப்படிக் கூடுகின்றன என்று காட்டும் கிரேடிங் பத்திகளைச் சரிபாருங்கள். வழி மிக எளிது: பக்கத்துப் பக்கத்து எண்களைக் கழித்துக்கொண்டே போங்கள். மார்பு 49, 52, 55, 57, 61 என்று இருந்தால் இடைவெளி 3, 3, 2, 4. நடுவில் அந்த 57 பெரும்பாலும் 58 என்பதன் தட்டச்சுப் பிழை. பெரிய அளவுகளில் இடைவெளி கூடுவது வழக்கம்தான், ஆனால் குறைந்துவிட்டுக் கூடுவது வழக்கமில்லை. ரிப் உயரமும் மடிப்பு அகலமும் எல்லா அளவுக்கும் ஒன்றாகவே இருக்கும். அங்கே எண் மாறியிருந்தால் கேளுங்கள்.

டாலரன்ஸையும் கிரேடிங்கையும் சேர்த்து வைத்துப் பாருங்கள். எம் 52, எல் 55, டாலரன்ஸ் 1 என்றால் எம் அதிகபட்சம் 53, எல் குறைந்தபட்சம் 54. இரண்டுக்கும் நடுவில் இடைவெளி இருக்கிறது. அதே இடத்தில் டாலரன்ஸ் 1.5 என்றால் இரண்டும் 53.5-இல் முட்டிக்கொள்ளும், லேபிளைப் பிரித்துவிட்டால் எது எம் எது எல் என்று அளவை வைத்துச் சொல்ல முடியாது. கழுத்தில் இடைவெளியே 0.5 என்பதால், டாலரன்ஸும் 0.5 ஆனால் எம் துண்டு ஒன்று எல் அளவிலேயே பாஸ் ஆகிவிடும். அதனால் பேக்கிங்கில் அளவு கலந்துவிட்டதா என்று சந்தேகம் வந்தால் கழுத்தை அளக்காமல் மார்பையும் நீளத்தையும் அளந்து பாருங்கள்.

அமெரிக்க பையர் என்றால் ஷீட் இன்ச்சில் வரும். பின்னம் எட்டில் ஒரு பங்கு வரை போகும். எட்டில் ஒரு இன்ச் 3.2 மி.மீ. இருபதும் எட்டில் மூன்றும் என்பதை 20.3 என்று எழுதிவிட்டால் ஏறக்குறைய 2 மி.மீ. காணாமல் போகும், 20.375 என்று எழுத வேண்டும். எக்ஸலில் அந்தக் கட்டத்தை முதலில் பின்னம் அல்லது எழுத்து வடிவத்துக்கு மாற்றிக்கொண்டு தட்டச்சு செய்யுங்கள். வெறுமனே `3/8` என்று அடித்தால் அது தேதியாக மாறிவிடும், அளவு இருக்க வேண்டிய இடத்தில் ஒரு மாதத்தின் பெயர் உட்கார்ந்திருக்கும். செ.மீ.க்கு மாற்றி வேலை செய்தாலும், பையருக்குப் போகும் ரிப்போர்ட்டில் அவர் கொடுத்த இன்ச்சிலேயே எழுதுங்கள். டாலரன்ஸும் அந்த அலகில்தான் கொடுக்கப்பட்டிருக்கும்; மாற்றி மாற்றி முழுமையாக்கும்போது எல்லையில் நிற்கும் ஒரு துண்டு பாஸிலிருந்து ஃபெயிலுக்கோ, ஃபெயிலிலிருந்து பாஸுக்கோ தாவிவிடும்.